பெற்றோரின் மணப் பொன்விழாவிற்கு ஓர் உறுதிமொழிப் பாடம்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

அறுபதாங் கல்யாணமும் சதாபிஷேகமும் வயதைக் கணக்கிட்டு வருவன. அவற்றிற்கு விதித்த முறைகள் உண்டு. மணமாகி 50 ஆண்டு நிறையும் பொன்விழாவிற்கோ அத்தகைய சடங்கு வகுக்கப்படவில்லை. ஆதலின் அதற்குரிய பாடத்தைப் பிள்ளைகளே எழுதிக்கொள்ள நேரிடுகின்றது.

வைதிக முறையில் நடந்த மணத்தில், ஏழடி வைக்கும்போது மந்திரம் சொல்பவன் மணமகன்; மணமகள் மௌனமாய் உடன் நடப்பாள். அன்று வாய் திறவாத தாயாரே இன்று உறுதிமொழியை முதலிற் சொல்லுதல் தகும். இதுவே யான் வற்புறுத்த விரும்புவது.

தொடக்கத்தில் விளக்கேற்றி, பேத்தியொருத்தி ஒரு பாட்டைப் படித்துப் பொருள் கூறுக. திருக்குறளில் 'வாழ்க்கைத் துணைநலம்' என்னும் அதிகாரத்தைப் பலரும் நாடுவர். அது மனைவியின் கடமையையே பேசுவது. குறுந்தொகை 49-ஆம் பாட்டு, மறுமையிலும் நீயே கணவனாகுக என்பதால் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் அது பரத்தையிற் பிரிந்து மீண்டவனை நோக்கித் தலைவி கூறியது. துறையறிந்தார் நகைப்பர். அந்நூலின் 40-ஆம் பாட்டே ஏற்றது. முன்பின் அறியாத இருவர் நெஞ்சம் ஒன்றுகலந்ததைச் செம்புலப்பெயனீரார் அதிற் பாடியுள்ளார்.

அடுத்துப் பாராட்டுரை. மூத்த மகன், மருமகள், தாயாரின் பிறந்தகத்தார் ஒருவர் ஆக மூவர் போதும். ஒவ்வொருவரும் இரண்டு நிமிஷத்தில் ஒரே நிகழ்ச்சியைக் கூறுக. வியாபாரம் நொடித்தபோது அம்மா வளையலை அடகு வைத்ததைச் சொல்ல எண்ணினால், சபையில் அதனைக் கேட்கத் தந்தையார் மனம் இசையுமா என்று முன்னரே அவரிடம் கேட்டறிக.

பின்னர் உறுதிமொழி. பெரியோர் அமர்ந்தே சொல்லலாம். மகன் நன்கு கேட்கும் செவிப்பக்கம் நின்று, ஒரு மூச்சில் அடங்கும் சிறு தொடராக எடுத்துக்கொடுக்க வேண்டும். ஏழடியில் ஐந்தாவது சில மரபுகளில் மக்கட்பேற்றைப் பற்றியது, அது நிறைவேறியது. ஏழாவதாகிய நட்பே இவ்வயதிற்கு உரியது. ஆகவே,

தாயார்: "ஐம்பது ஆண்டு உங்களுடன் நடந்தேன். இனியும் நடப்பேன். என் மனத்தில் உள்ளதை உங்களிடம் மறையாது சொல்வேன்."

தந்தையார்: "ஐம்பது ஆண்டு உன் கையால் உண்டேன். இனி உன் சொல்லைச் செவிகொடுத்துக் கேட்பேன். உன் நோயில் நானே துணையிருப்பேன்."

இருவரும்: "ஏழாம் அடியின் நட்பு நம்மிடம் நிலைக்க."

'மரணம் பிரிக்கும்வரை' என்பதை இங்கே எழுதற்க. இளம்பருவத்தில் உறுதியாய் ஒலிக்கும் அச்சொல், முதியோர் செவியில் துயரமாய் விழும்.

இறுதியில் வாழ்த்து. தம்பதியினும் மூத்தவர் இருப்பின் அவரே கூறுக. இல்லையாயின் இளையோர் மூத்தோரை வாழ்த்தலாகாதென்னும் தயக்கம் எழும், அதனை வேண்டுதலாக அமைத்தால் தயக்கம் தீரும்: "இறைவ! எம் பெற்றோர் நோயின்றி ஒருவர்க்கொருவர் துணையாய் நெடிது வாழவும், எம் குடி அவர் நிழலில் ஒன்றுபட்டிருக்கவும் அருள்க." உடனே பிள்ளைகள் வணங்க, பெற்றோர் அட்சதை தூவி ஆசி கூறுக. அரைமணியில் யாவும் முடியும்.