பதினான்காம் கேள்வியும் ஒரு கடிதமும்

ஒரகடத்தில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து அரியர் எழுதிய மாணவர் ஒருவர் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குக் கடிதம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "திருத்தியவர் வேண்டுமென்றே என்னை ஃபெயிலாக்கிவிட்டார். எனக்கு நியாயம் வேண்டும்."

அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் திருத்துவதற்கு முன்பே பதிவெண்ணை மறைத்து டம்மி எண் போடும் தேர்வில், திருத்தியவருக்கு மாணவர் யாரென்றே தெரியாது. அதனால் முதல் வரியே நிற்காது. அலுவலகம் சரிபார்க்கவும் அதில் ஒன்றுமில்லை.

முதலில் விடைத்தாள் நகல் வாங்க வேண்டும். திருத்திய விடைத்தாளைப் பார்க்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2011-லேயே உறுதிசெய்திருக்கிறது. நகல் வந்ததும் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்து இப்படி எழுதலாம்:

"ஐயா, என் பதிவெண், பாடக் குறியீடு, தேர்வு நாள் மேலே உள்ளன. 13 மதிப்பெண்ணுக்கான 14 (ஆ) கேள்விக்கு 22 முதல் 24-ஆம் பக்கம் வரை விடை எழுதியுள்ளேன். அங்கே மதிப்பெண் இடப்படவில்லை. முகப்புப் பக்கக் கட்டமும் காலியாக உள்ளது. அந்த விடையை மதிப்பிட்டு, கூட்டலைச் சரிபார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். நகல் இணைப்பில்."

யார் மேலும் பழி இல்லை. எழுத்தர்கூட ஐந்தே நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். 'ஐந்து போட்ட விடைக்கு ஒன்பது தந்திருக்கலாம்' என்பது வேறு கதை. அது மதிப்பீட்டாளரின் கணிப்பு. அதற்கு மறுமதிப்பீட்டு விண்ணப்பமும் கட்டணமும் தனி. இரண்டுக்கும் கடைசித் தேதி உண்டு, நகல் கையில் கிடைத்த அன்றே பார்த்துவிடுங்கள்.