அம்மா எழுதிய கடிதமும் தான செட்டில்மெண்ட் பத்திரமும்

பத்திரம் எழுதுகிற வேலையில் பல வருஷம் இருந்தவன் நான். ஒருநாள் ஒரு பெண் என் மேசையில் ஒரு கடிதத்தைப் பிரித்து வைத்தார். பணி ஓய்வு பெற்ற ஆசிரியையான அவருடைய அம்மா எழுதியது. ஊர், பெயர் வேண்டாம். கடிதத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய இப்படி இருந்தது: "வீட்டை உனக்கே கொடுத்துவிட்டேன். நான் இருக்கிறவரை கீழ்வீட்டில் இருந்துகொள்கிறேன். மாடி வாடகை என் கைச்செலவுக்கு ஆகட்டும். அண்ணன் ஒன்றும் சொல்லமாட்டான். மற்ற காரியங்களை லீவில் வரும்போது முடித்துவிடு."

"வீடு என் பேருக்கு வந்துவிட்டது, பட்டாவை மட்டும் மாற்றவேண்டும்" என்றார் அந்தப் பெண். வீடு வரவில்லை, கடிதம்தான் வந்திருக்கிறது என்று நான் சொல்லவேண்டியிருந்தது.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 123ஆம் பிரிவு, இந்த விஷயத்தில் கறார். வீடு, மனை போன்ற அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுப்பதென்றால் எழுத்தில் இருக்கவேண்டும், கொடுப்பவர் கையெழுத்திட வேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும், அது பதிவும் ஆகவேண்டும். கையெழுத்து அந்த அம்மாவுடையதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் சாட்சியும் இல்லை, பதிவும் இல்லை. சரி, உயிலாகவாவது நிற்குமா? உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் போதும். அதுவும் இதில் இல்லை. மேலும் உயில் என்றால் "என் காலத்துக்குப் பிறகு" என்று பேசவேண்டும். இவர் "கொடுத்துவிட்டேன்" என்று எழுதியிருந்தார். ஆக, அம்மாவின் மனசு என்ன என்பதற்கு அந்தக் கடிதம் நல்ல அத்தாட்சி. வீட்டுக்கு அது பத்திரம் ஆகாது.

ஆனாலும் கடிதத்தை ஒதுக்கிவிடவில்லை. புதிதாக எழுதவேண்டிய செட்டில்மெண்ட் பத்திரத்தில் என்னென்ன வரவேண்டும் என்பது அதிலேயே இருந்தது. குறிப்பாக அந்த இரண்டாவது வாக்கியம், "நான் இருக்கிறவரை கீழ்வீட்டில் இருந்துகொள்கிறேன்."

பெற்றோர் அதிகம் ஏமாறுகிற இடம் இதுதான். வழக்கமான வாசகத்தில் "இன்று முதல் சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் நீயே ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று எழுதி முடித்துவிடுவார்கள். கையெழுத்துப் போட்ட மறுநாளே அந்த அம்மா மகள் வீட்டில் குடியிருப்பவர் ஆகிவிடுவார். வாடகையும் மகளுடையது. மகள் நல்லவர்தான். ஆனால் மகளுக்கும் கடன் வரலாம், வீடு ஜப்திக்குப் போகலாம். ஆகவே வீட்டின் உரிமை இன்றே மகளுக்கு என்றும், அம்மாவின் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையும் மாடி வாடகையைப் பெறும் உரிமையும் அம்மாவுக்கே என்றும் தனிப் பத்தியாக எழுதினோம். இதற்கு ஆயுள்கால அனுபவ உரிமை என்று பெயர். அனுபவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொடுத்தாலும் தானம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் ரேணிகுண்ட்லா ராஜம்மா வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

அந்த அம்மா இன்னொன்றும் கேட்டார்: "பிடிக்காவிட்டால் ரத்து செய்துகொள்வேன் என்று ஒரு வரி போட்டுவிடலாமா?" கூடாது. கொடுத்தவர் இஷ்டப்படி எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று எழுதினால், அதே சட்டத்தின் 126ஆம் பிரிவுப்படி அந்தத் தானமே செல்லாது. அப்படியொரு பிடி வேண்டுமென்றால் உயில்தான் எழுதவேண்டும், அதை எத்தனை முறையும் மாற்றலாம்.

அதற்குப் பதிலாக வேறொரு வரியைச் சேர்த்தோம். அம்மாவின் சாப்பாடு, மருத்துவம், அடிப்படைத் தேவைகளை மகள் கவனித்துக்கொள்ளவேண்டும், அந்த நிபந்தனையின் பேரிலேயே இந்த வீடு கொடுக்கப்படுகிறது என்பது அந்த வரி. 60 வயது கடந்தவர்களுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் 23ஆம் பிரிவு இருக்கிறது. இப்படி நிபந்தனையோடு கொடுத்து, பெற்றவர் கவனிக்காமல் விட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்து அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். நிபந்தனை இருந்ததைக் காட்டவேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் முதியவர் பக்கம் தாராளமாகப் பொருள் கொண்டது. நீதிபதி எப்படிப் பொருள் கொள்வார் என்று காத்திருப்பதைவிட, அந்த ஒரு வரியை எழுதிவிடுவது மேல். அதைக் கேட்டு மகள் முகம் சுளிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

அடுத்து, வாங்கிக்கொள்வது. கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே பெறுபவர் ஏற்றுக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் தானம் நிறைவேறாது. அதனால் மகளும் பத்திரத்தில் ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டார்.

அதற்குப் பிறகுதான் சிக்கலே வந்தது. 1980களில் வாங்கிய மூலப் பத்திரத்தில் ஒரு சர்வே எண் இருந்தது. நிலம் பின்னால் உட்பிரிவாகி, இப்போதைய பட்டாவில் வேறு எண். வீட்டு வரி ரசீதில் கதவு எண்ணும் மாறியிருந்தது. பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதியிருந்தால், பின்னால் பட்டா மாறுதலில் மாட்டியிருக்கும். சொத்து விவரத்தில் பழைய எண்ணையும் புது எண்ணையும் நான்கெல்லையையும் சேர்த்தே எழுதினோம். வில்லங்கச் சான்று எடுத்து, வங்கி அடமானம் ஏதும் இல்லை என்பதையும் உறுதி செய்துகொண்டோம்.

செலவு எவ்வளவு என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினருக்கு எழுதும் செட்டில்மெண்ட்டுக்கு, 2023 ஜூலை முதல் உள்ள விகிதப்படி, முத்திரைத் தீர்வை சொத்து மதிப்பில் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மனை 1,200 சதுர அடி, வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 1,500 ரூபாய் என்றால் மனை 18 லட்சம். கட்டடம் 12 லட்சம். ஆக 30 லட்சம். தீர்வை 30,000, பதிவுக் கட்டணம் உச்சவரம்புப்படி 10,000, மொத்தம் 40,000. மதிப்பு 60 லட்சமாக இருந்தாலும் 50,000தான். இந்தச் சலுகை மகளுக்கு எழுதினால்தான், மருமகனுக்கு எழுதினால் கிடையாது. மகளுக்கு வருமான வரியும் இல்லை, தாயிடமிருந்து வருவது உறவினர் தந்த அன்பளிப்பாகவே கணக்காகும்.

அம்மாவுக்கு மூட்டுவலி, படி ஏற முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு, தனிக் கட்டணம் கட்டினால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்ய வழி இருக்கிறது. ஆனால் அந்த அம்மா ஒப்புக்கொள்ளவில்லை, ஆட்டோவில் வந்து இறங்கினார். புகைப்படமும் கைரேகையும் எடுத்தார்கள். "யாராவது மிரட்டி எழுதச் சொன்னார்களா?" என்று சார்பதிவாளர் கேட்டார். "நாற்பது வருஷம் பிள்ளைகளை மிரட்டியவள் நான்" என்றார் அம்மா.

பதிவான பத்திரத்தை வைத்துப் பட்டா மாறுதல், வீட்டு வரிப் பெயர் மாற்றம், குடிநீர் இணைப்பு என்று மகள் ஒவ்வொன்றாக முடித்தார். மின் கட்டண அட்டை மட்டும் அம்மா பெயரிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். பெரிய தவறில்லை, ஆனால் பிற்காலத்தில் மாற்றும்போது ஒரு நடை கூடுதல்.

அப்புறம் அந்தக் கடிதத்தில் மீதியிருந்த விஷயம், அண்ணன். அது அம்மாவின் சொந்தச் சம்பாத்தியம், பூர்வீகச் சொத்து இல்லை. அதனால் அண்ணனின் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. இருந்தாலும் இரண்டு சாட்சிகளில் ஒருவராக அவரையே கூப்பிடச் சொன்னேன். சாட்சிக் கையெழுத்து மட்டுமே பத்திரத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் அவர் சம்மதித்ததாக ஆகிவிடாது, ஆனால் பின்னாளில் "எனக்குத் தெரியவே தெரியாது" என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அவர் வந்தார். பத்திரம் முழுவதையும் ஒருமுறை படித்தார். மாடி வாடகைப் பத்தியில் நிறுத்தி, "வாடகையை உயர்த்தினால் அந்த உயர்வும் அம்மாவுக்குத்தானே? அதையும் எழுதிவிடுங்கள்" என்றார். எழுதினோம். அதன் கீழ்தான் அவர் கையெழுத்திட்டார்.