குருதித் தட்டணுக்கள் பிறக்கும் விதம்



ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கிவிட்டால் நம் மதுரையில் வீட்டுக்கு வீடு ஒரு கேள்வி கேட்கிறது. "தட்டணு எத்தனை இருக்கிறது?" என்பதே அது. 2012-ஆம் ஆண்டிலும் 2017-ஆம் ஆண்டிலும் தமிழகமெங்கும் டெங்குக் காய்ச்சல் பரவியபோது, எழுத்தறியாத மூதாட்டிகளும் பரிசோதனைச் சீட்டை நீட்டி இந்த எண்ணைக் கேட்டதை நாம் பார்த்தோம். அந்த எண் எங்கிருந்து வருகிறது, குறைந்தால் அதை ஏற்றும் மருந்துகள் எவ்வாறு வேலை செய்கின்றன, எங்கே அவை பயன்படா என்பதை இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

குருதிக் குழாயில் ஓட்டை விழும்போது முதலில் ஓடிச் சென்று அடைப்பவை தட்டணுக்கள். ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் அவை 1,50,000 முதல் 4,00,000 வரை இருத்தல் இயல்பு. ஒரு தட்டணுவின் ஆயுள் 8 முதல் 10 நாட்களே. ஆகவே நம் உடல் நாள்தோறும் ஏறத்தாழ 10,000 கோடித் தட்டணுக்களைப் புதிதாக ஆக்க வேண்டியிருக்கிறது.

இவை பிறக்கும் இடம் எலும்பு மஜ்ஜை. அங்கே மெகாகேரியோசைட் என்னும் பேரணுக்கள் உள்ளன. மற்ற உயிரணுக்கள் தம் மரபுப் பொருளை இரட்டித்துக்கொண்டதும் இரண்டாகப் பிரிந்துவிடும். இந்தப் பேரணுவோ இரட்டித்துக்கொண்டே போகிறது; பிரிவதில்லை. இரண்டு படி இருக்க வேண்டிய மரபுப் பொருள் நான்காகி, எட்டாகி, பதினாறாகி, முப்பத்திரண்டாகிறது. அணுவும் அதற்கேற்பப் பருத்து, சிவப்பணுவைப் போல ஆறேழு மடங்கு அகலமாகிறது. முதிர்வதற்குச் சில நாட்கள் ஆகும். முதிர்ந்த பின் அது மஜ்ஜையிலுள்ள மெல்லிய குருதி நாளத்தின் சுவரருகே வந்து அமர்ந்து, சுவர் வழியே நீண்ட கைகளை உள்ளே நீட்டுகிறது. ஓடும் குருதி அக்கைகளை இழுத்து அறுக்கிறது. அறுந்த துண்டுகளே தட்டணுக்கள். ஒரு பேரணு இவ்வாறு ஆயிரத்துக்கு மேற்பட்ட தட்டணுக்களைத் தந்துவிட்டு மடிகிறது.

எத்தனை தேவை என்பதை மஜ்ஜை எப்படி அறிகிறது? திராம்போபாயட்டின் என்னும் செய்திப்பொருள் வழியே அறிகிறது. அதைச் செய்வது பெரும்பாலும் கல்லீரல். இங்கே ஒரு வியப்பு உண்டு. தட்டணு குறைந்தாலும் கூடினாலும் கல்லீரல் ஏறக்குறைய ஒரே அளவில்தான் அதைச் செய்துகொண்டிருக்கிறது. அப்படியானால் கணக்கு எங்கே நடக்கிறது?

கோயில் திருவிழாவில் ஊற்றும் கஞ்சித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் ஒரே அளவு கஞ்சி காய்ச்சுகிறார்கள். உண்பவர் கூட்டம் மிகுந்தால் மிச்சம் இராது, குறைந்தால் மிஞ்சும். தொட்டியில் மிஞ்சியதைப் பார்த்தே வந்தவர் எத்தனை பேர் என்று சொல்லிவிடலாம். தட்டணுக்கள் அனைத்தும் தம் மேற்பரப்பில் திராம்போபாயட்டினைப் பற்றும் ஏற்பி ஒன்றை வைத்திருக்கின்றன. பற்றியதை உள்ளிழுத்து அழித்துவிடுகின்றன. தட்டணுக்கள் மிகுந்திருந்தால் செய்திப்பொருள் மிஞ்சாது. அவை குறைந்தால் அது மிஞ்சி மஜ்ஜைக்குச் சென்று, பேரணுக்களில் உள்ள அதே ஏற்பியைத் தட்டி, "பெருகுக, முதிர்க" என்று ஏவுகிறது.

திராம்போபாயட்டினை அறிவியலார் பிரித்தெடுத்தது 1994-ஆம் ஆண்டில். உடனே அதனையொத்த மருந்தைச் செய்து ஊசியாகப் போட்டார்கள். தட்டணு ஏறவும் செய்தது. ஆனால் அவற்றுள் ஒரு மருந்தினால் பெருந்தீங்கு நேர்ந்தது. நலமுள்ள தன்னார்வலர் 325 பேருக்கு அதைக் கொடுத்துப் பார்த்ததில், 13 பேருடைய உடல் அம்மருந்தை அந்நியம் என்று கருதி எதிர்ப்பொருளை உண்டாக்கியது. மருந்து இயற்கைப் பொருளின் சாயலிலேயே இருந்தமையால், அந்த எதிர்ப்பொருள் அவர்களுடைய சொந்தத் திராம்போபாயட்டினையும் முடக்கிவிட்டது. நோயில்லாதவர்கள் மருந்தினாலேயே தட்டணு குறைந்தவர்களானார்கள். 1998-இல் அம்முயற்சி கைவிடப்பட்டது.

இதிலிருந்து கற்ற பாடம் தெளிவானது. ஏற்பியைத் தட்ட வேண்டும். ஆனால் தட்டும் பொருள் இயற்கைப் பொருளைப் போல இருத்தல் ஆகாது. அவ்வழியில் இரண்டு மருந்துகள் 2008-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. ரோமிபிளோஸ்டிம் வாரம் ஒருமுறை தோலுக்கடியில் போடும் ஊசி. எல்ட்ரோம்போபாக் நாள்தோறும் விழுங்கும் மாத்திரை. அது ஏற்பியில் இயற்கைப் பொருள் அமரும் இடத்தை விட்டுவிட்டு, அணுவின் மேலுறைக்குள் புதைந்த பகுதியைப் பற்றுகிறது. இரண்டும் இன்று நம் நாட்டிலும் வழக்கில் உள்ளன.

இவை யாருக்குப் பயன்படும்? மேலூர்ப் பக்கம் வயல்வேலை செய்யும் ஒரு பெண்மணியை எண்ணிக்கொள்வோம். காலில் சிவந்த புள்ளிகள், ஈறில் குருதிக் கசிவு; தட்டணு 9,000. காய்ச்சல் இல்லை. குருதித் துளியை நுண்ணோக்கியில் பார்த்து, எண்ணிக்கை உண்மையாகவே குறைவுதான், தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதனால் வந்த பொய்க் கணக்கு அன்று என்று உறுதி செய்கிறார்கள். அவருடைய நோயெதிர்ப்பு ஆற்றலே தட்டணுக்களை அழிக்கிறது என்பது தெரிகிறது. முதலில் ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள், எண்ணிக்கை ஏறுகிறது, அளவைக் குறைத்ததும் மீண்டும் விழுகிறது. இந்நோயில் பேரணுக்கள் மஜ்ஜையில் நிறைய இருந்தும், திராம்போபாயட்டின் எதிர்பார்த்த அளவு மிஞ்சுவதில்லை. பிறக்கும் தட்டணுக்களும் பேரணுக்களும் அதைத் தின்றுவிடுகின்றன. அழிவை விஞ்சும் வேகத்தில் ஆக்கத்தைத் தூண்டுவதே இம்மருந்தின் வேலை.

எல்ட்ரோம்போபாக் தொடங்குகிறார்கள். மூன்று வாரம் கழிந்தும் எண்ணிக்கை அசையவில்லை. மருந்து தோற்றதா? விசாரித்தால், காலையில் கேழ்வரகுக் கூழ் குடித்த கையோடு மாத்திரையை விழுங்கியிருக்கிறார். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அது மருந்தைக் கட்டிப்போட்டுக் குடலில் ஏறவிடாது. பாலும் தயிரும் இரும்புச்சத்து மாத்திரையும் அமிலமுறிவு மருந்தும் அவ்வாறே. இவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ, 4 மணி நேரம் பின்போ மாத்திரையை உண்ண வேண்டும். இரவு படுக்கும்போது உண்ணுமாறு மாற்றியதும், இரண்டு வாரத்தில் எண்ணிக்கை 60,000 ஆகிறது. அது போதும். குருதிக் கசிவு நிற்பதற்கு 50,000-க்கு மேல் இருந்தாலே பெரும்பாலும் போதுமானது; இயல்பு அளவுக்கு ஏற்ற முயல்வது குருதி உறைவை வரவழைக்கக்கூடும். 2,00,000-ஐத் தாண்டினால் மருந்தின் அளவைக் குறைப்பார்கள். கல்லீரலையும் இடையிடையே சோதிப்பார்கள். தாமாக மருந்தை நிறுத்திவிட்டால் எண்ணிக்கை மளமளவென விழும் என்பதை அவர் மறத்தல் கூடாது.

அப்படியானால் டெங்குவுக்கு இதையே கொடுக்கலாகாதா என்று நீங்கள் கேட்கக்கூடும். பேரணு முதிரும் கால அளவை நினைவுகூருங்கள். ஏவல் பிறந்து தட்டணு குருதிக்கு வந்து சேர ஐந்து நாட்களுக்கு மேல் ஆகும். அதற்குள் டெங்கு நோயாளிக்கு எண்ணிக்கை தானாகவே ஏறத் தொடங்கிவிடும். பிறர் தட்டணுவை ஏற்றுவதும் முன்தடுப்பாகப் பயன்படுவதில்லை. 20,000-க்குக் கீழிருந்தும் குருதிக் கசிவற்ற டெங்கு நோயாளிகளிடம் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. ஏற்றியவருக்கும் ஏற்றாதவருக்கும் கசிவில் வேறுபாடு காணப்படவில்லை. டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் குருதி நாளங்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறுவதே. காய்ச்சல் தணியும் நாளில் வயிற்று வலி, ஓயாத வாந்தி, கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், சீட்டில் எந்த எண் இருந்தாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு சீட்டு உங்கள் கைக்கு வரும்போது, "எத்தனை?" என்பதோடு "ஏன் குறைந்தது?" என்றும் கேளுங்கள். ஆக்கம் குறைந்ததா, அழிவு மிகுந்ததா என்பதைப் பொறுத்தே மருந்து அமைகிறது.