பதிலை முதலில் எழுதுங்கள்

(ஊர்வலத் தொண்டர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)

தோழர்களே! தில்லிப் பேரணிக்காக நம்மிடம் வந்துள்ள முழக்கங்களை வாசித்துப் பார்த்தேன். "தொழிலாளர் உரிமைகளைப் பறிக்கின்ற நான்கு சட்டத் தொகுப்புகளையும் ஒன்றிய அரசே உடனடியாகத் திரும்பப் பெறு" என்று ஒன்று உள்ளது. கருத்தில் பிழையில்லை. ஆனால் அது தீர்மானத்தின் வாசகம். முதல் நான்கு வரிசைகள் அதைச் சொல்லி முடிக்கும். ஐந்தாம் வரிசை முணுமுணுக்கும். அதற்குப் பின்னால் வருவோர் மௌனமாக நடப்பர்.

ஒத்திகையின்றி ஒரு கூட்டம் முழங்க வேண்டுமானால், அது மனப்பாடம் செய்ய வேண்டியது பதில் மட்டுமே. "இன்குலாப்" என்று ஒருவர் எழுப்ப, "ஜிந்தாபாத்" என்று எல்லோரும் விடையளிக்கிறோம். மௌலானா ஹஸ்ரத் மோகானி 1921இல் உருவாக்கிய முழக்கம் அது. 1929 ஏப்ரல் 8 அன்று மத்திய சட்டமன்றத்தில் பகத்சிங்கும் படுகேஷ்வர் தத்தும் எழுப்பிய பின் நாடெங்கும் பரவியது. உருது அறியாத நம் ஊர்த் தொழிலாளியும் அதை முதல் நாளே முழங்குகிறார். காரணம், அவர் சொல்ல வேண்டியது ஒரே சொல். அதுவும் நீட்டி ஒலிக்கத்தக்க "பாத்" என்ற நெடிலில் முடிகிறது. அழைப்பு எதுவாக மாறினாலும் அவருடைய சொல் மாறுவதில்லை. 2020 நவம்பர் முதல் சிங்கு, டிக்ரி எல்லைகளில் விவசாயிகள் "கிசான் மஸ்தூர் ஏக்தா" என்று அழைத்தபோதும் பதில் அதே "ஜிந்தாபாத்"தான்.

ஆகவே முழக்கம் எழுதுவோர் பின்பாதியிலிருந்து தொடங்க வேண்டும். நம் கோரிக்கையையே எடுத்துக்கொள்வோம். வங்காளி, பஞ்சாபி, தெலுங்கர், தமிழர் எல்லோரும் ஒருசேரச் சொல்லக்கூடிய பதில் எது? "ரத்து கரோ" என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். இந்திக்காரர் அதை மூன்று அசையாக, "ரத்-க-ரோ" என்பார். தமிழர் நாவில் இடையே ஓர் உகரம் நுழைந்து நான்கு அசையாகும். இருவரும் அருகருகே நடக்கையில் ஒருவர் முடிக்க, மற்றவர் பாதியில் நிற்பார். "வாபஸ் லோ" என்பதில் இந்தத் தொல்லை இல்லை. யார் சொன்னாலும் மூன்றே அசை. வாபஸ் என்பது நமக்கும் பழகிய சொல். முடிவில் ஓகாரம் இருப்பதால் தொண்டை திறக்கிறது. அதை இருமுறை சொல்லவையுங்கள். முதல் முறை தவறவிட்டவர் இரண்டாம் முறை சேர்ந்துகொள்வார். அவருக்கு அதுவே ஒத்திகை.

இனி அழைப்பு: "சாரோ லேபர் கோட்!" பதில்: "வாபஸ் லோ, வாபஸ் லோ!" நடந்துகொண்டே சொல்லிப் பாருங்கள். நான்கு காலடிக்குள் அழைப்பு, நான்கு காலடிக்குள் பதில். இடையில் மூச்சுவிட இடம் இருக்கிறது.

இங்கே ஒலியின் வேகத்தையும் கணக்கிட வேண்டும். ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். ஊர்வலம் அந்த நீளம் இருந்தால், முன்னால் எழுந்த அழைப்பு கடைசி வரிசையை ஒரு நொடி தாமதமாக எட்டும். அவர்கள் பதில் சொல்லும்போது முன்னே அடுத்த அழைப்பு தொடங்கிவிடும். ஒரே ஒலிபெருக்கி வண்டியை நம்பினால் ஊர்வலம் இரண்டாகப் பிளந்து ஒலிப்பது இதனால்தான். ஒவ்வொரு அணிக்கும் தனி அழைப்பாளர் வேண்டும். பதில் முற்றாக அடங்கிய பிறகே அவர் வாய் திறக்க வேண்டும். சரியாக நடக்கிறதா என்பதை அணியின் நடுவில் நின்று கேளுங்கள். "லோ" ஒரே அடியாக விழுந்தால் நன்று. வால்போல இழுபட்டால் அழைப்பாளர் அவசரப்படுகிறார்.

மற்றோர் ஆபத்தும் உண்டு. "ஜிந்தாபாத்" வரிசையில் ஐந்து அழைப்புகளைச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் "சாரோ லேபர் கோட்" என்று அழைத்தால் என்ன ஆகும்? பழகிய வாய் "ஜிந்தாபாத்" என்றே முழங்கும்! எதை எதிர்க்க வந்தோமோ அதையே வாழ்த்தியதாகிவிடும். பதிலை மாற்றும்போது ஒரு கணம் நிறுத்தி, புதிய பதிலை அழைப்பாளரே தனியாக இருமுறை சொல்லிக் காட்டிவிட்டுத் தொடங்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு பதிலே போதும்.

பதில் இந்தியில் இருப்பது மொழி உரிமைக்கு முரணல்லவா என்று தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒவ்வொரு அணியும் தன் மொழியிலேயே பதில் சொன்னால் ஊர்வலம் முழுவதும் ஒரே குரலாக ஒலிக்காது. ஆனால் அழைப்புக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. நம் அணியின் அழைப்பாளர் "நாலு லேபர் கோட்டும்" என்று தமிழிலேயே எழுப்பட்டும். காலடிக் கணக்கு மாறாதிருந்தால் போதும். சென்னையில் நடத்தும்போது பதிலையும் தமிழில் "திரும்பப் பெறு" என்று வைத்துக்கொள்ளலாம். அதையும் வகுப்பு முடிந்தபின் வாசலில் நடந்து பார்த்துவிடுவோம்.