‘கால் தவறி’ என்றால் யாருடைய தவறு?

(லண்டன் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

என்னுடைய தொழில் மொழிபெயர்ப்பு. அதில் பெரும்பங்கு காப்புறுதிக் கம்பனிகளுக்கான வேலை. “நீர் அப்ப முதலாளிமாற்ற ஆளோ?” என்று போனமுறை ஒருவர் பகிடியாகக் கேட்டார். அதற்குப் பதிலாக ஒரு விபத்து அறிக்கையைப் பற்றிச் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

குளிர்களஞ்சியம் ஒன்றில் இரவு வேலை செய்த நம்மவர் ஒருவர் விழுந்து கணுக்கால் முறிந்துவிட்டது. இங்கே வேலைகொள்வோர் தொழிலாளருக்காகக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும் என்பது 1969ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் காப்புறுதிக் கம்பனி ஒரு விசாரணையாளரை அனுப்பியது. தொழிலாளி தமிழில் எழுதிக் கொடுத்த ஒன்றரைப் பக்க வாக்குமூலம் என்னிடம் வந்தது. அதில் முக்கியமான இடம் இது:

“நிலம் ஈரமாக் கிடந்து கால் தவறி விழுந்திட்டன். ஈரத்தை நான் கவனிக்கேல்லை. சூப்பவைசருக்கு முதலே சொன்னது.”

மூன்றே வசனம். இரண்டு மணித்தியாலம் எடுத்தது.

முதலில் ‘கால் தவறி’. அகராதியைப் பார்த்து ஆங்கிலத்தில் ‘மிஸ்டேக்’ என்று எழுதினால் அந்த மனிசன் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் போய்விடும். நாங்கள் கால் தவறினது என்று சொல்லும்போது கால் சறுக்கினதைத்தான் சொல்கிறோம், பிழை செய்ததை அல்ல. ‘என் கால் வழுக்கியது’ என்று எழுதினேன்.

அடுத்தது ‘ஈரமாக் கிடந்து’. தமிழில் இந்த எச்சம் வரிசையைச் சொல்லும், காரணத்தையும் லேசாகத் தொட்டுவிட்டுப் போகும். ஆங்கிலத்தில் ‘பிகோஸ்’ போட்டால் ஈரம்தான் காரணம் என்று நான் தீர்ப்புச் சொன்னதாகிவிடும். ‘ஆஃப்டர்’ போட்டால் தொடர்பே இல்லாத இரண்டு சம்பவம் போல இருக்கும். ‘நிலம் ஈரமாக இருந்தது, அண்ட், கால் வழுக்கியது’ என்று விட்டேன். காரணத்தை முடிவுசெய்வது வேறு ஆட்களின் வேலை.

‘கவனிக்கேல்லை’ என்பது அவருக்குப் பாதகமான வசனம். தொழிலாளியின் பக்கத்திலும் கவனக்குறைவு இருந்ததென்று கண்டால், 1945ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதிமன்றம் நட்டஈட்டை அந்தப் பங்குக்கு ஏற்பக் குறைக்கலாம். ‘கண்ணுக்குத் தெரியவில்லை’ என்று மாற்ற எனக்குக் கை அரித்தது உண்மை. மாற்றவில்லை. அவர் சொன்னது சொன்னதுதான்.

கடைசி வசனம்தான் ஆளை விழுத்துகிற இடம். “சூப்பவைசருக்கு முதலே சொன்னது.” யார் சொன்னது? எங்கட பேச்சில் ‘நான் சொன்னனான்’ என்பதற்கும் இப்படிச் சொல்வோம், ‘யாரோ சொல்லியிருக்கினம்’ என்பதற்கும் இப்படித்தான் சொல்வோம். ஆங்கிலத்தில் ‘ஐ டோல்ட்’ என்று எழுதினால் வழக்கு அவருக்குப் பலமாகும் என்று தோன்றியது: நிலம் ஈரம் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தும் துடைக்கவில்லை என்றால் பொறுப்பு நிர்வாகத்தின் பக்கம் சாயும். ஆனால் பேப்பரில் ‘நான்’ இல்லை. ‘மேற்பார்வையாளருக்கு முன்பே சொல்லப்பட்டது’ என்று எழுதி, யார் சொன்னார் என்பது மூலத்தில் இல்லை என்று அடியில் ஒரு குறிப்புப் போட்டேன்.

அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டு விசாரணையாளர் திரும்பக் கேட்டார். பாரந்தூக்கி ஓட்டுகிற வேறொரு தொழிலாளிதான் சொன்னவராம். அவரிடமும் வாக்குமூலம் எடுத்தார்கள், அவர் ஆமென்றார். நான் உதவி செய்கிறேன் என்று ‘ஐ டோல்ட்’ போட்டிருந்தால், குறுக்கு விசாரணையில் “நீங்கள் எப்போது சொன்னீர்கள்?” என்ற முதல் கேள்வியிலேயே ஆள் பொய்யனாகியிருப்பார்.

நேரத்திலும் ஒரு முரண். “ரெண்டு ரெண்டேகால் இருக்கும்” என்று அவர் எழுதியிருந்தார், விபத்துப் பதிவேட்டில் 2.40. இரண்டையும் பொருத்திவிடாமல் உள்ளபடியே விட்டேன், அந்த ‘இருக்கும்’ என்ற தயக்கத்தையும் சேர்த்து.

பிறகு ஆங்கில அறிக்கையைத் தமிழாக்கும் வேலையும் வந்தது, அவர் வாசிப்பதற்காக. விசாரணையாளர் ‘ஃபெயில்ட் டு’ என்று எழுதியிருந்தார். ‘கவனிக்கவில்லை’ என்பது நடந்த விசயம். ‘கவனிக்கத் தவறினார்’ என்றால் கவனிக்கும் கடமை இருந்தது என்ற தீர்ப்பும் உள்ளே இருக்கிறது. இங்கே நான் மென்மையாக்கினால் தன்மேல் பழி போட்டிருக்கிறார்கள் என்பதே அவருக்குத் தெரியாமல் போகும். ‘தவறினார்’ என்றே எழுதினேன். அதை வாசித்த பிறகுதான் அவருடைய வழக்கறிஞர் மூலம் மறுப்பு எழுதினார் என்று கேள்வி.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கோ தெரிந்தவர்களுக்கோ வேலையில் இப்படி நடந்தால், அரைகுறை ஆங்கிலத்தில் எழுத வேண்டாம். இங்கிலாந்தின் சிவில் நீதிமன்றங்களில் சாட்சியத்தைச் சொந்த மொழியிலேயே எழுதலாம், மொழிபெயர்த்தவர் அது சரியென்று உறுதிப்படுத்திக் கையெழுத்து வைப்பார். தமிழில் எழுதுங்கள். எழுதும்போது ஒவ்வொரு வசனத்திலும் யார் செய்தது, யார் சொன்னது, நீங்கள் கண்டதா கேள்விப்பட்டதா என்பதைப் போடுங்கள். வீட்டில் பேசுவதுபோல ‘சொன்னது’ என்று மொட்டையாக விட்டால், என்னைப் போல ஒருவர் அதை மொட்டையாகத்தான் மொழிபெயர்ப்பார்.