உறக்கத்தில் அடைபடும் மூச்சும் இருதயமும்

தில்லியிலிருந்து தமிழ்நாட்டுக்குச் செல்லும் இரயில் வண்டியில் நம்மவர் பலருக்கு இரண்டு இரவுகள் கழிவதுண்டு. அத்தகைய பயணமொன்றில் கரோல் பாக்கில் வசிக்கும் அன்பர் ஒருவருக்குத் தமது நோய் தெரியவந்தது. அதைக் கண்டறிந்தவர் மருத்துவர் அல்லர். மேல் படுக்கையில் உறக்கமின்றிப் புரண்ட ஓர் இளைஞர். காலையில் அவர், “சார், இரவில் உங்கள் குறட்டை திடீரென நின்றுவிட்டது. மார்பு ஏறி இறங்குகிறது, ஆனால் மூச்சுச் சப்தமே இல்லை. எழுப்பலாமா என்று பயந்துபோனேன். பிறகு ஒரு பெரிய திணறலோடு மூச்சு வந்தது. இரவெல்லாம் இப்படித்தான்” என்றாராம்.

அன்பருக்கு வயது 54. அரசாங்கக் கணக்குத்துறையில் பணி. பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பம் கும்பகோணத்தில் இருக்கிறது. இவர் தனி அறையில் இருக்கிறார். இந்நோய்க்கு முதற் சாட்சி அருகில் உறங்குபவரே. வெளி மாநிலத்தில் தனித்து வாழ்வோருக்கு அந்தச் சாட்சி இல்லாமற் போகிறது. மூன்று வகை மாத்திரைகள் உட்கொண்டும் இரத்த அழுத்தம் 150-க்குக் கீழ் இறங்கவில்லை. காலையில் தலைவலி. இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுந்தார். நீரிழிவோ என ஐயுற்றுச் சோதித்ததில் சர்க்கரை சரியாகவே இருந்தது. இந்நிலையில்தான் அவர் எம்மிடம் வந்தார்.

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. கழுத்துப் பருத்தவர்க்கும் தாடை சிறியவர்க்கும் நாவின் அடிப்பகுதி பின்சரிந்து மூச்சுப்பாதையை அடைத்துக்கொள்ளலாம். மார்போ உள்ளிழுக்க முயன்றுகொண்டேயிருக்கும். வாய் மூடிய புட்டியை உறிஞ்சுவது போன்ற இம்முயற்சியால் மார்பினுள் அழுத்தம் மிகவும் தாழ்ந்து, இருதயத்தின் மெல்லிய மேலறைகள் வெளிப்புறம் இழுபட்டு விரிகின்றன. விரிந்த மேலறை, உடலில் நீர் மிகுந்துவிட்டதென்று ஏமாந்து, சிறுநீரைப் பெருக்கும் சுரப்பொன்றை வெளியிடுகிறது. நம் அன்பர் மூன்று முறை எழுந்ததற்கு இது ஒரு காரணம்.

இதற்கிடையில் இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை அபாயத்தை உணர்ந்து உறங்குபவரைச் சற்றே எழுப்புகிறது; தொண்டை திறக்கிறது. அந்தக் கணத்தில் நரம்புகள் இரத்தக் குழாய்களை இறுக்குகின்றன, இருதயம் வேகமெடுக்கிறது, இரத்த அழுத்தம் துள்ளி எழுகிறது. சில விநாடிகளில் மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. காலையில் இவற்றுள் ஒன்றும் நினைவிராது.

உடல்நலமுடையோர்க்கு இரவில் இரத்த அழுத்தம் பகலைவிட நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு வரை தாழும். இருதயத்துக்குக் கிடைக்கும் ஓய்வு அதுவே. 24 மணி நேரமும் கையில் கட்டியிருக்கும் கருவியால் அன்பரை அளந்தோம். பகற் சராசரி 142. இரவில் அது 128-க்குக் கீழே வந்திருக்க வேண்டும். வந்ததோ 146! பகலில் மட்டும் அளக்கும் மருத்துவர் இதனை அறிய வழியில்லை. இக்கருவியும் அரை மணிக்கு ஒரு முறைதான் அளக்கிறது. அடைப்பு விலகும் கணத்தில் எழும் உச்சத்தை அது பெரும்பாலும் தவறவிட்டுவிடும்.

இருதயத் துடிப்பை ஓரிரவு முழுதும் பதிவு செய்தோம். அடைப்பின்போது துடிப்பு 38 வரை மந்தமடைந்து, ஒரு முறை மூன்று விநாடிகள் நின்றும் போயிருந்தது. மூச்சு வந்ததும் 100-க்குத் தாவியது. இத்தகைய பதிவை மட்டும் கண்டு பேஸ்மேக்கர் பொருத்த விரைந்துவிடக் கூடாது. பகலில் துடிப்பு ஒழுங்காயிருந்து, உறக்கத்தில் மட்டும் இடைநிற்குமானால், முதலில் மூச்சடைப்பைத் தேட வேண்டும். விடியற்காலையில் நாற்பது நிமிடங்கள் மேலறைகள் ஒழுங்கிழந்து நடுங்கியதும் பதிவில் இருந்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் இந்நடுக்கத்தில் மேலறையில் இரத்தம் உறைந்து மூளைக்குச் செல்லக்கூடும்.

பின்னர் உறக்கப் பரிசோதனை. ஆறரை மணி நேர உறக்கத்தில் மூச்சு 273 முறை பத்து விநாடிக்கு மேல் நின்றோ பெரிதும் குறைந்தோ போயிற்று. அதாவது மணிக்கு 42. ஐந்துக்குக் கீழ் இயல்பு. முப்பதும் அதற்கு மேலும் கடுமை. பிராணவாயு அளவு ஒரு முறை 78 வரை இறங்கியது.

இதற்கான கருவியை 1981-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்னும் மருத்துவர் உலகுக்கு அறிவித்தார். சி-பாப் என்று வழங்கும் இது பிராணவாயுவை ஊட்டும் கருவியன்று. சாதாரணக் காற்றையே மூக்கின்மேல் பொருந்தும் முகமூடி வழியாகச் சீரான அழுத்தத்தில் செலுத்துகிறது. அக்காற்றே தொண்டையைத் திறந்து தாங்கி நிற்கிறது. நான்கு சென்டிமீட்டர் நீரழுத்தத்தில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தினோம். முதலில் முழு அடைப்புகள் மறைந்தன. பின்னர் அரை அடைப்புகள். பத்து சென்டிமீட்டரில் குறட்டையும் ஓய்ந்தது.

ஆனால் ஒரு மாதம் கழிந்தும் அழுத்தத்தில் மாறுதலில்லை. கருவியின் பதிவைப் பார்த்தோம். இரவு இரண்டு மணியளவில் முகமூடியைக் கழற்றி எறிந்திருக்கிறார்! தில்லியின் குளிர்காலத்து வறண்ட காற்றில் மூக்கு எரிந்ததாம். கனவு காணும் உறக்கம் பெரும்பாலும் பின்னிரவில் வருவது. தொண்டை மிகத் தளர்வதும் அடைப்பு மிக நீள்வதும் அப்போதே. முன்னிரவில் அணிந்து பின்னிரவில் கழற்றுபவர் காவலை வேண்டிய நேரத்தில் அனுப்பிவிடுகிறார். காற்றைச் சூடாக்கி ஈரமூட்டும் பகுதியை இணைத்தோம். கசியாத சிறிய முகமூடியைத் தந்தோம். பயன்பாடு ஆறு மணிக்கு உயர்ந்தது.

மூன்று மாதங்களுக்குப் பின் பகற் சராசரி 136, இரவு 131. காலைத் தலைவலி போயிற்று. இரவில் ஒரு முறைதான் எழுகிறார். எனினும் இரவுத் தாழ்வு நூற்றுக்குப் பத்தை எட்டவில்லை. மாத்திரைகளில் ஒன்றையும் நிறுத்தவில்லை. சி-பாப் இரத்த அழுத்தத்தைச் சராசரியாக இரண்டு மூன்று அலகுகளே குறைக்கிறது. பல மாத்திரைக்கும் பணியாத அழுத்தமுடையோர் சிலருக்கு மட்டும் இதைவிட நற்பயன் கிட்டுவதுண்டு.

இன்னொன்றையும் மறைத்தல் ஆகாது. 2016-இல் வெளியான பெரும் ஆய்வொன்றில், முன்பே இருதய நோயோ மூளை இரத்தக்குழாய் நோயோ இருந்த 2,700-க்கு மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். கருவி அணிந்தவர்க்குப் பகல் தூக்கம் குறைந்தது, மனச்சோர்வு தணிந்தது. ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. அவர்கள் இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரமே அணிந்திருந்தனர். முழு இரவும் அணிந்தால் பலன் வேறாகுமென்பது நமது எண்ணம். ஆயினும் எண்ணத்தை நிரூபணமென்று சொல்வதற்கில்லை. மேலறை நடுக்கத்துக்கும் இக்கருவியை மட்டும் நம்பலாகாது. அன்பருக்கு இரத்தம் உறையாதிருக்கும் மருந்து வேண்டுமா என்பதை அவரது வயது, இரத்த அழுத்தம் முதலியவற்றைக் கொண்டு தனியே முடிவு செய்தோம்.

இப்போது அவர் ஊருக்குச் செல்லும்போதும் கருவியை எடுத்துச் செல்கிறார். வண்டியில் இரவு பதினொரு மணிக்குமேல் செருகுமிடங்களில் மின்சாரத்தை நிறுத்திவிடுவதுண்டு. ஆகவே தனி மின்கலம் ஒன்றையும் வைத்திருக்கிறார். ஈரமூட்டியின் சூடு மின்கலத்தை விரைவில் தீர்த்துவிடுமாதலால் அதை அணைத்துவிடுகிறார். மின்கலமும் தீர்ந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்கிறார். மல்லாந்து படுத்தால்தான் நாக்கு எளிதில் பின்சரியும். மேல் படுக்கைக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பதும் உண்டாம்.