கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள்



பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிற நம் வீட்டுப் பெரியவர்கள் வாத்தியாரிடம் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு. "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மீதியை உரிச்சி எடுத்துடுங்க சார். புள்ள படிச்சாப் போதும்." நாம் எல்லோரும் இதைக் கேட்டு வளர்ந்தவர்கள். சிரித்தும் இருக்கிறோம். ஆனால் அதைச் சொல்கிறவர் யார் என்று பாருங்கள். நன்கொடை கொடுக்க அவரிடம் பணம் இல்லை, சிபாரிசுக்கு ஆள் இல்லை. படிப்புக்கு ஈடாக வைக்க அவரிடம் இருப்பது பிள்ளையின் உடம்பு மட்டும்தான். அதை வைக்கிறார்.

1995ஆம் ஆண்டு சேலம் மாவட்டம் கட்டிநாயக்கன்பட்டியில் அந்தக் கண்ணையும் விடவில்லை. மற்ற சாதிக் குழந்தைகளுக்கென்று வைத்திருந்த பானையில் தண்ணீர் குடித்த தலித் சிறுமியை ஆசிரியர் அடித்தார். ஒரு கண்ணில் பார்வை போயிற்று. அவள் வீட்டுப்பாடம் எழுதாமல் வரவில்லை, வகுப்பில் பேசவில்லை. தாகம் எடுத்தது, குடித்தாள்.

இது சாதிக் கொடுமை, சாதாரண பள்ளித் தண்டனை வேறு என்று பிரித்துப் பேசுவோர் உண்டு. நாங்கள் அப்படிப் பிரிப்பதில்லை. ஒரு வகுப்பில் எதற்கெல்லாம் பிரம்பு எடுக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்: நோட்டு வாங்கி வராதது, தாமதமாக வந்தது, சீருடை கசங்கியிருந்தது, தலைக்கு எண்ணெய் வைக்காதது. இவற்றில் பாதிக்கு மேல் குழந்தையின் கையில் இல்லை. சனிக்கிழமை கூலி வாங்கும் தாயின் பிள்ளை புதன்கிழமை எப்படி நோட்டு கொண்டு வரும்? விதி எல்லோருக்கும் ஒன்றுதான். அடி மட்டும் ஒரே தெருவைத் தேடிப் போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி ஒரு காலத்தில் பிரம்படியை அனுமதித்தது. 2003இல் அது திருத்தப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடலை அடிப்பதையும் மனதைத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடை செய்கிறது. ஆனால் அந்தப் பிரிவை மீறினால் துறை நடவடிக்கைதான், சிறை இல்லை. அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும்தான். ஒன்பதாம் வகுப்பில் அடி வாங்கும் பிள்ளை அதற்கு வெளியே நிற்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் மிஷன் பள்ளிகளில் படிக்கிறார்கள் என்பதை நீங்களே அறிவீர்கள்.

இன்னொன்று. பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையின் நன்மைக்காக, காப்பாளரின் சம்மதத்தோடு நல்லெண்ணத்தில் செய்தது குற்றமாகாது என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்தக் கதவு மூடப்படவில்லை. "கண்ணை மட்டும் விட்டுட்டு" என்று அம்மா சொன்னது அங்கே சம்மதமாக மாறும். அந்த வாக்கியத்தை நம் வீடுகளில் நிறுத்த வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

எழுத்தில் உள்ள சட்டம் காவல் நிலையத்தில் என்ன ஆகிறது என்பதற்கு, சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் உடன் நின்ற ஒரு வழக்கைச் சொல்கிறோம். ஊரும் பேரும் வேண்டாம்.

ஏழாம் வகுப்புப் பையன். சமூக அறிவியல் நோட்டு இல்லை என்று கெண்டைக்காலில் எட்டு அடி. கூடவே, "உங்களுக்கெல்லாம் எதுக்குடா படிப்பு" என்று தொடங்கி சாதிப் பெயர். பையன் வீட்டில் சைக்கிளில் இருந்து விழுந்ததாகச் சொன்னான். மூன்றாம் நாள் குளிப்பாட்டும்போதுதான் அம்மா பார்த்தார். சிவந்திருந்த தடிப்பு அதற்குள் கன்றிப் பச்சையாகியிருந்தது. முதலில் போனது மருந்துக் கடைக்கு, மறுநாள்தான் அரசு மருத்துவமனைக்கு. அங்கே விபத்துப் பதிவேட்டில் "கீழே விழுந்து காயம்" என்று எழுதப் போனார்கள். யார் அடித்தார், எதனால், எந்த நாள் என்று எழுதச் சொல்லி எங்கள் தோழர்கள் அரை மணி நேரம் வாதாடினார்கள். அந்த மூன்று வரி இல்லையென்றால் பின்னால் எதுவும் நிற்காது.

காவல் நிலையத்தில் ஏட்டு உதவி செய்வதாகச் சொல்லி மனுவைத் தானே எழுதிக் கொடுத்தார். படித்துப் பார்த்தால் "ஆசிரியர் கண்டித்தார்" என்று இருந்தது. சாதிச் சொல் காணாமல் போயிருந்தது. சும்மா விடுபட்டதல்ல அது. அந்தச் சொல் மனுவில் இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும், துணைக் கண்காணிப்பாளர் விசாரிக்க வேண்டும். இல்லையென்றால் சாதாரண அடி, கையில் ஒரு மனு ரசீது, மாலையில் சமரசம். அம்மா சொல்லச் சொல்ல, சொன்னபடியே நாங்கள் மனுவைத் திரும்ப எழுதினோம். வகுப்பில் அப்போது யார் யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தோம். சாதி சொல்லி இழிவுபடுத்தியது பிறர் பார்வையில் நடந்ததா என்பதுதான் அந்தச் சட்டத்தில் முதலில் வரும் கேள்வி. மாவட்டக் கண்காணிப்பாளரைப் பார்த்த பிறகு, பதினேழாம் நாள் பிரிவு சேர்ந்தது.

வகுப்பில் இருந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். முதல் நாள் இரண்டு பேர் நடந்ததைச் சொன்னார்கள். அடுத்த வாரம் ஒருவரும் இல்லை.

தண்டனை குழந்தையிடம் என்ன குணத்தை வளர்க்கிறது என்று கேட்டால் எங்களுக்கு நினைவுக்கு வருவது இதுதான். அடிபட்டவன் பொய் சொல்லக் கற்றுக்கொண்டான், அதுவும் தன் அம்மாவிடம். மற்றவர்கள், பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்லக் கற்றுக்கொண்டார்கள். அந்த வகுப்பில் சரியாகப் பதில் சொன்ன பிள்ளை, சொல்லாத பிள்ளையின் தலையில் குட்ட வேண்டும் என்ற வழக்கமும் இருந்தது. அடிக்கும் உரிமை கை மாறும் விதம் அது. யார் குட்டலாம், யார் குனிய வேண்டும் என்பது பாடப்புத்தகம் இல்லாமலே மனப்பாடம் ஆகிவிடுகிறது. 2023இல் நாங்குநேரியில் தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். பள்ளியில் புகார் சொன்ன பிறகுதான் அது நடந்தது. பிரம்புதான் அதற்குக் காரணம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. சொல்வதற்குப் பிள்ளைகள் ஏன் பயப்படுகிறார்கள் என்பது அங்கே தெரிந்தது.

அறுபது பேரை ஒருவர் எப்படிச் சமாளிப்பது என்று ஆசிரியத் தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதை அரசிடம் கேளுங்கள், கூட வருகிறோம். ஆறாம் வகுப்புக் குழந்தையின் கெண்டைக்காலிடம் கேட்காதீர்கள். நம்மவர்கள் வாத்தியாரானாலும் அடிக்கிறார்கள் என்பதையும் இந்த மேடையில் மறைக்க வேண்டியதில்லை. "நான் அடி வாங்கித்தான் முன்னுக்கு வந்தேன்" என்பார்கள். அவர்களோடு அடி வாங்கி, ஐந்தாம் வகுப்பில் நின்றுபோய்ச் செங்கல் சூளைக்குப் போனவர்கள் அதைச் சொல்ல இங்கே வரவில்லை.

அந்த வழக்கு இன்னும் நீதிமன்றத்தில் இருக்கிறது. ஆசிரியரை அதே நிர்வாகத்தின் வேறொரு பள்ளிக்கு மாற்றினார்கள். அதுவும் ஒரு காலனியை ஒட்டிய பள்ளி. பையனுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று தலைமையாசிரியர் ஊர்ப் பெரியவர்களோடு வந்தார். அம்மா வாங்கவில்லை. "தப்பு செஞ்சவரு போகட்டும், என் புள்ள ஏன் போகணும்?" என்றார். பையன் அதே வகுப்பில், அதே பெஞ்சில் உட்கார்ந்து அந்த ஆண்டை முடித்தான்.